இன்வாய்ஸ் எந்த நாணயத்தில்?

வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வேலை செய்யும் ஃப்ரீலான்சர் முதல் இன்வாய்ஸை அனுப்பும்போதே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்: தொகையை ரூபாயில் எழுதுவதா, டாலரிலா, வாடிக்கையாளரின் சொந்த நாணயத்திலா? பெரும்பாலோர் இதை ஒரே ஒரு பயத்தை வைத்து முடிவு செய்கிறார்கள். இன்வாய்ஸ் அனுப்பிய நாளுக்கும் பணம் வந்து சேரும் நாளுக்கும் நடுவில் மாற்று விகிதம் இறங்கிவிட்டால் என்ன ஆவது என்பதே அந்தப் பயம். பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் நாணய மாற்றத்தால் நேரும் மூன்று வகை இழப்புகளை அளந்து பார்த்தால், வழக்கமான ஆண்டுகளில் அதுதான் கடைசி இடத்தில் நிற்கிறது. மாற்றித் தரும் வங்கி எடுத்துக்கொள்ளும் பங்கு அதைவிடப் பெரியது. வெளிநாட்டு நாணயத்தில் ஒருமுறை பேசிய விலையை ஆண்டுக்கணக்கில் தொடாமல் விடுவது எல்லாவற்றையும்விடப் பெரியது. இந்த வரிசை தெளிவானால் நாணயத் தேர்வும் சுலபமாகிறது. வாடிக்கையாளரின் நாணயம் உலகச் சந்தையில் தாராளமாக வாங்கி விற்கப்படும் பெரிய நாணயமாக இருந்தால் அதிலேயே எழுதுவதுதான் நல்லது. அதனால் வரும் அபாயத்தைத் தேதிகளைக் கொண்டும் விலை மறுபரிசீலனையைக் கொண்டும் சமாளிக்க வேண்டும்.

கோயம்புத்தூரில் இருக்கும் ஓர் இணைய வடிவமைப்பாளரை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நகரில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு மாதம் 3,000 யூரோவுக்கு வேலை செய்கிறார். ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி இன்வாய்ஸ் போகிறது. கெடு 30 நாள். கணக்கு எளிதாக இருக்க யூரோவை 100 ரூபாய் என்று வைத்தால், இன்வாய்ஸ் நாளில் அதன் மதிப்பு 3,00,000 ரூபாய். யூரோ–ரூபாய் விகிதம் ஒரு சாதாரண மாதத்தில் 2 சதவீதம் அளவுக்கு ஏறலாம், இறங்கலாம் என்று கொள்வோம். அப்படியானால் மாத முடிவில் கைக்கு வரும் தொகை 2,94,000க்கும் 3,06,000க்கும் இடையில் எங்கோ இருக்கும். ஒரு மாதம் ஆறாயிரம் குறைந்தால் இன்னொரு மாதம் நாலாயிரம் கூடும். மாதங்கள் ஒன்றையொன்று சாராமல் அசைகின்றன என்று கொண்டால், பன்னிரண்டு மாதங்களைக் கூட்டும்போது கிடைக்கும் ஊசலாட்டம் ஏறத்தாழ 21,000 ரூபாய். ஆண்டு வருமானம் 36 லட்சம் என்பதை நினைத்தால் இது ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. அது நஷ்டமாகத்தான் வரும் என்பதும் இல்லை.

இதோடு வங்கியின் பங்கை ஒப்பிட்டுப் பாருங்கள். சந்தையில் யூரோ 100 ரூபாயாக இருக்கும்போது வங்கி நம்மிடம் 98.50க்கு வாங்குகிறது என்றால், 3,000 யூரோவில் 4,500 ரூபாய் போய்விடுகிறது. இதில் ஏற்றம் இறக்கம் கிடையாது. மாதாமாதம் இறக்கம்தான், ஆண்டுக்கு 54,000 ரூபாய். வழியில் இருக்கும் இடைநிலை வங்கி பிடித்துக்கொள்ளும் கட்டணம் தனி. பணம் வந்ததும் வங்கி அனுப்பும் வரவு அறிவிப்பை எடுத்து, அதில் போட்டிருக்கும் விகிதத்தையும் அதே நாளின் சந்தை விகிதத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும். அனுப்பிய தொகை 3,000 என்றும் வந்த தொகை 2,985 என்றும் இருந்தால் கட்டணம் நம் தலையில் விழுந்திருக்கிறது என்று பொருள். அனுப்புபவர் கட்டணக் குறியீட்டில் OUR என்று தேர்ந்தெடுத்தால் அனுப்பும் செலவு அவருடையது. SHA என்றால் இரு தரப்பும் பகிர்ந்துகொள்கிறார்கள். இன்வாய்ஸில் இதை ஒரு வரியாக எழுதிவிடலாம். ஐரோப்பாவுக்குள்ளேயே யூரோவைப் பெற்று இந்தியக் கணக்குக்கு மாற்றித் தரும் சேவைகள் இன்று இருக்கின்றன. அவற்றின் வழியாகப் போனால் வாடிக்கையாளருக்கு அது உள்ளூர்ப் பரிமாற்றம்தான். நாணயம் ஒரே ஒருமுறைதான் மாறும். ஷ்டுட்கார்ட் நிறுவனத்துக்கு டாலரில் இன்வாய்ஸ் எழுதினாலோ, அவர்கள் வங்கி யூரோவை டாலராக்கும், நம் வங்கி டாலரை ரூபாயாக்கும். இரண்டு இடத்திலும் பங்கு போகும்.

மூன்றாவது இழப்புதான் உண்மையில் பேசப்பட வேண்டியது. 2025ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். ஜனவரியில் ஒரு யூரோ 89 ரூபாய் அளவில் இருந்தது. டிசம்பரில் 105 ரூபாய் அளவுக்கு வந்தது. நம் கோவை வடிவமைப்பாளர் ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் இன்வாய்ஸ் அனுப்பி மாத இறுதியில் பணம் பெற்றிருந்தால், ஒரு மாதத்தின் கடைசி விகிதமே அடுத்த மாதத்தின் முதல் விகிதம். எனவே பன்னிரண்டு மாத வித்தியாசங்களையும் கூட்டினால் மிஞ்சுவது ஆண்டின் இரு முனைகளுக்கும் இடையிலான 16 ரூபாய்தான். 3,000 யூரோவுக்கு அது 48,000 ரூபாய். யூரோ அசாதாரணமாக ஏறிய ஓர் ஆண்டிலேயே இன்வாய்ஸ்–வரவு இடைவெளியின் மொத்த விளைவு, வங்கி எடுத்துக்கொண்ட 54,000ஐத் தாண்டவில்லை. ஆனால் அவர் ஜனவரியில் விலை பேசியபோது மனதில் இருந்த விகிதம் 89. ஆண்டுச் சராசரி அதைவிட ஒன்பது ரூபாய் அளவுக்கு அதிகம். அந்த வித்தியாசத்தை 36,000 யூரோவால் பெருக்கினால் மூன்று லட்சம் ரூபாய் அளவில் வருகிறது. அந்த ஆண்டு அது லாபமாக வந்தது. திசை மாறியிருந்தால் அதே மூன்று லட்சம் கையை விட்டுப் போயிருக்கும். ஆகவே கவனிக்க வேண்டிய இடைவெளி விலை பேசிய நாளில் தொடங்கிப் பணம் வரும் நாளில் முடிகிறது. இன்வாய்ஸ் தேதி அதற்கு நடுவில் வரும் ஒரு நாள்தான்.

இடைவெளியிலேயே பெரிய அடி விழுந்த காலங்கள் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. 2016 ஜூன் 23இல் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக வாக்களித்தது. நூறு ரூபாய் அளவில் இருந்த பவுண்டு சில நாட்களிலேயே 90 ரூபாய் அளவுக்கு இறங்கியது. அந்த வாரம் வரவேண்டிய பணம் பத்தில் ஒரு பங்கை இழந்தது. 2013இல் நடந்தது இன்னும் யோசிக்க வைப்பது. அந்த ஆண்டு மே மாதம் 54 ரூபாய் அளவில் இருந்த டாலர் ஆகஸ்ட் 28 அன்று 68 ரூபாயைத் தாண்டியது. அக்டோபர் நடுவில் 61 ரூபாய் அளவுக்குத் திரும்பியது. ஆகஸ்ட் கடைசியில் 2,000 டாலருக்கு இன்வாய்ஸ் எழுதி ஆறேழு வாரம் கழித்துப் பணம் பெற்றவரின் கணக்கில் 1,36,000 ரூபாய் 1,22,000 ஆகச் சுருங்கியது. அவருக்கு அது நஷ்டமாகத் தோன்றியிருக்கும். ஆனால் மே மாதத்தில் 1,08,000 ரூபாய் என்று கணித்துப் பேசிய வேலைக்கு அவர் 14,000 ரூபாய் கூடுதலாகத்தான் பெற்றார். எந்த நாளை அளவுகோலாக வைக்கிறோம் என்பதில் லாபமும் நஷ்டமும் இடம் மாறுகின்றன. இன்வாய்ஸ் நாளை அளவுகோலாக வைப்பது கணக்குப் புத்தகத்துக்குப் பொருந்தும். வாழ்க்கைச் செலவைக் கணக்கிட்டு விலை பேசியவருக்கு அந்த விலையைப் பேசிய நாள்தான் அளவுகோல்.

அடுத்த மறுப்பு டாலரைப் பற்றியது. உலக வணிகமே டாலரில் நடக்கும்போது எல்லோருக்கும் டாலரில் எழுதிவிட்டால் என்ன? பொருளாதார அறிஞர் கீதா கோபிநாத் 2015இல் எழுதிய ஆய்வு இதற்கு வலுச் சேர்ப்பதுபோல் தெரியும். இந்தியாவின் இறக்குமதியில் 86 சதவீதம் டாலரில் விலையிடப்பட்டாலும் அமெரிக்காவில் இருந்து வருவது 5 சதவீதம்தான் என்று அது காட்டியது. ஆனால் அந்தக் கணக்கு சரக்கு வணிகத்தினுடையது. பெட்ரோலியத்துக்கும் பருத்திக்கும் உலகச் சந்தை விலை டாலரில் இருக்கிறது, போட்டியாளர்களும் டாலரில் விலை சொல்கிறார்கள். ஷ்டுட்கார்ட் நிறுவனத்துக்கு நம் வடிவமைப்பாளரின் போட்டியாளர் பெர்லினிலோ வார்சாவிலோ இருந்து யூரோவில் விலை சொல்பவர். 2022இல் என்ன ஆனது என்று பாருங்கள். ஜனவரியில் ஒரு யூரோவுக்கு 1.13 டாலர் கிடைத்தது. செப்டம்பரில் 0.97 அளவுக்கு விழுந்தது. மாதம் 3,300 டாலர் என்று ஒப்பந்தம் இருந்தால் ஜெர்மன் நிறுவனத்துக்கு ஜனவரிச் செலவு 2,920 யூரோ, செப்டம்பர்ச் செலவு 3,400 யூரோ. வேலை கூடவில்லை, விலையை யாரும் ஏற்றவில்லை. ஆனாலும் செலவு 16 சதவீதம் ஏறிவிட்டது. டாலரில் எழுதிய ஃப்ரீலான்சருக்கு அந்த ஆண்டு நல்ல ஆண்டு என்பது உண்மை. ஜனவரியில் 74 ரூபாய் அளவில் இருந்த டாலர் செப்டம்பரில் 81ஐ எட்டியது. யூரோவில் எழுதியவருக்கோ ஒரு யூரோ 84 ரூபாயில் இருந்து 79க்கு வந்தது, அதாவது மாதம் 15,000 ரூபாய் குறைவு. 2025இல் இது தலைகீழானது. யூரோ 16 ரூபாய் ஏறியபோது டாலர் நான்கைந்து ரூபாய்தான் ஏறியது. எந்த நாணயம் வெல்லும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதை இந்த இரண்டு ஆண்டுகளும் சேர்ந்து காட்டுகின்றன. டாலர் ஏறினால் அதன் சுமை வாடிக்கையாளர் மீது விழுகிறது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். அந்தச் சுமையை அவர் பேசாமல் தாங்கிக்கொள்ள மாட்டார்.

பணம் அனுப்பும் நாளைத் தேர்ந்தெடுப்பவர் வாடிக்கையாளர் என்பதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. கெடு 30 நாள் என்றாலும் 20ஆம் நாளோ 45ஆம் நாளோ அனுப்புவது அவர் கையில் இருக்கிறது. இன்வாய்ஸ் அவருக்கு அந்நியமான நாணயத்தில் இருந்தால், அந்த நாணயம் விலை ஏறிய வாரத்தில் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்ற எண்ணம் அவருக்கு வருவது இயல்பு. இறங்கிய வாரத்தில் உடனே அனுப்பிவிடுவார். அதாவது காத்திருக்கும் உரிமையை விலையே வாங்காமல் அவரிடம் கொடுத்துவிடுகிறோம். அவருடைய சொந்த நாணயத்தில் எழுதிய இன்வாய்ஸில் இந்தத் தூண்டுதலே கிடையாது. 3,000 யூரோ அவருக்கு இன்றும் 3,000, அடுத்த மாதமும் 3,000. அவர் தாமதித்தால் அதற்குக் காரணம் வேறாக இருக்கும். விகித ஆபத்தோடு தாமத ஆபத்து சேர்ந்துகொள்ளாமல் பிரித்து வைக்க இது ஒன்றே போதுமான காரணம் என்று நான் கருதுகிறேன்.

டாலர் சரியான தேர்வாகும் இடங்களும் உண்டு. அர்ஜென்டினா, துருக்கி, நைஜீரியா போன்ற நாடுகளின் நாணயங்கள் அண்மை ஆண்டுகளில் வேகமாக மதிப்பிழந்தன. அங்குள்ள வாடிக்கையாளருக்கு அவர் நாணயத்தில் எழுதினால் 30 நாள் இடைவெளியே விழுங்கிவிடும். அங்கே டாலரும் முன்பணமும் தேவை. வளைகுடா வாடிக்கையாளர் விஷயத்தில் கேள்வியே எழுவதில்லை. ஐக்கிய அமீரகத்தின் திர்ஹாம் ஒரு டாலருக்கு 3.6725 என்றும் சவூதி ரியால் 3.75 என்றும் கட்டப்பட்டிருக்கின்றன. எதில் எழுதினாலும் ரூபாய்க்கு எதிரான அபாயம் ஒன்றுதான். குறைந்த செலவில் எது வந்து சேரும் என்று மட்டும் பார்த்தால் போதும்.

ரூபாயிலேயே எழுதிவிட்டால் எல்லாத் தொல்லையும் தீருமே என்பது இன்னொரு வாதம். தாளில் அது உண்மை. நடப்பில் ஜெர்மன் வங்கியின் சாதாரண வாடிக்கையாளர் ரூபாயைக் கையில் வைத்திருப்பதில்லை. 3,00,000 ரூபாய் இன்வாய்ஸைப் பார்த்து அவர் அன்றைய விகிதத்தில் யூரோவைக் கணக்கிட்டு அனுப்புவார். மூன்று நாள் கழித்து நம் வங்கி தன் விகிதத்தில் மாற்றும்போது 2,95,000 வந்திருக்கும். மீதி ஐயாயிரத்தைக் கேட்டு எழுதுவதா, விட்டுவிடுவதா என்ற சங்கடம் ஒவ்வொரு மாதமும் வரும். அவர் வங்கியே ரூபாயாக மாற்றி அனுப்பினால் அதன் விகிதம் நமக்குத் தெரியாமலேயே அவருக்குச் செலவைக் கூட்டும். சட்டத்திலும் ஒரு நெருடல் இருக்கிறது. ஜிஎஸ்டியில் சேவை ஏற்றுமதி என்ற தகுதி கிடைக்க, பணம் மாற்றத்தக்க அந்நியச் செலாவணியில் வர வேண்டும். ரூபாயில் வந்தால், ரிசர்வ் வங்கி அனுமதித்த வழியில் வந்திருக்க வேண்டும். வாடிக்கையாளரின் இந்தியக் கிளை உள்ளூர்க் கணக்கில் இருந்து ரூபாய் போட்டுவிட்டால் இந்தத் தகுதியே கேள்விக்குள்ளாகும். வெளிநாட்டு நாணயத்தில் எழுதிய இன்வாய்ஸுக்கு வரிக் கணக்கில் தனித் தொல்லை ஏதும் இல்லை. சேவை வழங்கப்பட்டதாகக் கொள்ளும் நாளின் விகிதத்தில் ரூபாய் மதிப்பைக் காட்டினால் போதும். பின்னால் விகிதம் மாறியதற்காக அந்த மதிப்பைத் திருத்த வேண்டியதில்லை.

ரூபாய் எப்படியும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது, தாமதமாக வந்தால் நமக்கு லாபம்தானே என்று நினைப்பவர்கள் பலர். நீண்ட காலக் கோட்டைப் பார்த்தால் அப்படித் தெரியும். ஆனால் 2007இல் 44 ரூபாய் அளவில் தொடங்கிய டாலர் ஆண்டு இறுதியில் 40க்கும் கீழே போனது. விலையை டாலரில் பேசிவிட்டுக் கூலியை ரூபாயில் கொடுத்துக்கொண்டிருந்த திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியாளர்களை அது கடுமையாகத் தாக்கியது. ஃப்ரீலான்சரின் நிலையும் அதுவேதான்: வருமானம் வெளி நாணயத்தில், வாடகையும் பள்ளிக் கட்டணமும் ரூபாயில். வந்த பணத்தை மாற்றாமல் வைத்துக்கொள்ளும் வழியும் குறுகியது. அந்நியச் செலாவணி ஈட்டுவோருக்கான இஇஎஃப்சி கணக்கில் வட்டி கிடையாது. ஒரு மாதத்தில் சேர்ந்த தொகையை, அனுமதிக்கப்பட்ட செலவுகள் போக, அடுத்த மாதக் கடைசிக்குள் ரூபாயாக்க வேண்டும் என்பது அதன் விதி. வெளிநாட்டு மென்பொருள் சந்தாவோ சர்வர் வாடகையோ அதே நாணயத்தில் கட்டவேண்டி இருந்தால் அந்தக் கணக்கு பயன்படும். விகிதம் ஏறும் என்று காத்திருக்க அது உதவாது.

இலங்கையில் இருந்து வேலை செய்பவருக்கு விஷயம் இன்னும் கூர்மையானது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டாலர் 200 இலங்கை ரூபாய் அளவில் இருந்தது. மே மாதத்தில் 360ஐ எட்டியது. யாழ்ப்பாணத்தில் இருந்து இலங்கை ரூபாயில் விலை எழுதியவரின் உழைப்புக்கு டாலர் கணக்கில் மூன்றே மாதத்தில் 40 சதவீதத்துக்கு மேல் மதிப்பு போனது. எரிபொருளும் மருந்தும் இறக்குமதியாகும் நாட்டில் அந்த இழப்பு அப்படியே வீட்டுச் செலவில் தெரிந்தது. சொந்த நாணயம் ஆட்டம் காணும் நாட்டில் வெளி நாணயத்தில் எழுதுவதே பாதுகாப்பு.

இனி, வாடிக்கையாளரின் நாணயத்தில் எழுத ஒப்புக்கொண்டபின் அபாயத்தைக் குறைக்கும் வேலை. மாத இன்வாய்ஸை இரண்டு வாரத்துக்கு ஒன்றாக்கிக் கெடுவை 14 நாளாக்கினால், ஒவ்வொரு சமயத்திலும் விகிதத்துக்குத் திறந்து கிடக்கும் தொகையும் நாட்களும் பாதியாகின்றன. வரவேண்டிய பணமே வராமல் போகும் ஆபத்தும் அதோடு குறைகிறது. விலைக் குறிப்பில் இந்த விலை 30 நாளுக்குச் செல்லும் என்று எழுதுவதும் அவசியம். ஆனால் மூன்று லட்சம் ரூபாய் கணக்கைத் தொடுவது விலை மறுபரிசீலனைதான். அதை இப்படி எழுதலாம்: எஃப்பிஐஎல் நிறுவனம் வேலைநாள்தோறும் வெளியிடும் யூரோ–ரூபாய் குறிப்பு விகிதத்தின் காலாண்டுச் சராசரி, அடிப்படை விகிதமான 100இல் இருந்து 5 சதவீதத்துக்கு மேல் விலகினால், 5க்கு மேற்பட்ட பகுதியை இரு தரப்பும் பாதிப் பாதியாக ஏற்பது. யூரோ 92க்கு இறங்கினால் விலகல் 8, வரம்பைத் தாண்டியது 3, அதில் பாதி ஒன்றரை சதவீதம். அடுத்த காலாண்டு விலை 3,045 யூரோ. யூரோ 108க்கு ஏறினால் விலை 2,955 யூரோ. இரு பக்கமும் வேலை செய்வதால் வாடிக்கையாளருக்கு இதைத் தள்ளிவிடக் காரணம் குறைவு. சின்ன ஃப்ரீலான்சருக்கு இப்படிப் பேரம் பேசும் பலம் ஏது என்பார்கள். சிலரிடம் இருக்காதுதான். அவர்கள் இந்தச் சூத்திரம் இல்லாமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை விலையை மறுபடி பேசுவோம் என்ற ஒரே வரியை ஒப்பந்தத்தில் சேர்க்கலாம். வருகிற விகிதத்துக்கு ஏற்ப விலை கேட்க அந்த வரி வாசலைத் திறந்து வைக்கும்.

வங்கியோடு முன்பேர ஒப்பந்தம் போட்டு விகிதத்தைப் பூட்டலாமே என்பதும் நியாயமான யோசனை. இந்திய வட்டி ஐரோப்பிய வட்டியைவிட அதிகமாக இருக்கும் வரை, யூரோவை முன்பேரத்தில் விற்பவருக்கு இன்றைய விகிதத்துக்கு மேல் கொஞ்சம் பிரீமியமும் கிடைக்கும். ஆனால் அது குறித்த தேதியில் குறித்த தொகையைக் கொடுத்தாக வேண்டிய கடமை. வாடிக்கையாளர் இழுத்தடித்தால் கையில் இல்லாத யூரோவுக்காக வங்கிக்கு வித்தியாசத்தைக் கட்ட நேரும். ஒழுங்காகப் பணம் வரும் பெரிய தொகைக்கு அது பொருந்தும். மாதம் 3,000 யூரோவுக்கு அதன் அலைச்சலும் ஈடும் கட்டுப்படி ஆகாது. தாமதத்துக்கு எதிரான பாதுகாப்பை ஒப்பந்தத்திலேயே தேடுவது மேல். ஒப்பந்தம் ஜெர்மன் சட்டத்துக்கு உட்பட்டது என்று எழுதியிருந்தால், நிறுவனங்களுக்கு இடையிலான கடனில் கெடு தாண்டி, பாக்கி வைத்த நிலை ஏற்பட்டதும் அடிப்படை வட்டிக்கு மேல் 9 சதவீதப் புள்ளி தாமத வட்டியும் 40 யூரோ நிலைத் தொகையும் கேட்க அந்நாட்டுச் சட்டம் இடம் தருகிறது. அதை நினைவூட்டும் ஒரு வரி இன்வாய்ஸின் அடியில், கெடு தேதிக்குப் பக்கத்திலேயே இருக்கலாம்.